0.8 பெரியதா, 0.35 பெரியதா: ஒரு தசம எண் பாடக்குறிப்பைத் திருத்திய கதை

பின்னணி

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். அ, ஆ என்று இரண்டு பிரிவுகள். இந்தப் பாடம் நடந்த நாளில் அ பிரிவில் 34 பேர் வந்திருந்தார்கள். ஆ பிரிவில் 31. தசம எண்களை ஒப்பிடும் பாடம் அ பிரிவுக்குச் செவ்வாய்க்கிழமையும் ஆ பிரிவுக்கு வெள்ளிக்கிழமையும் வந்தது. நடுவில் இரண்டு நாள் இருந்ததால்தான் இந்தத் திருத்தமே நடந்தது. இரண்டு வகுப்பும் ஒரே நாளில் வந்திருந்தால் அதே பாடத்தை அப்படியே மறுபடி நடத்திவிட்டு வந்திருப்பேன்.

பாடக்குறிப்பு புதிதல்ல. மூன்று வருடங்களாகத் தேதியை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. 40 நிமிடத்தில் முதல் 10 நிமிடம் பணத்தை வைத்து அறிமுகம்: 12 ரூபாய் 50 பைசா என்றால் 12.50. அடுத்த 10 நிமிடம் விதி: புள்ளிக்குப் பின் இலக்கங்கள் குறைவாக இருந்தால் பூஜ்ஜியம் சேர்த்துச் சமமாக்கு, பிறகு ஒப்பிடு. அப்புறம் 15 நிமிடம் பயிற்சிக் கணக்குகள். மிச்சம் 5 நிமிடம் தொகுத்துச் சொல்ல.

செவ்வாய்க்கிழமை

வகுப்பு நன்றாகத்தான் போனது. கரும்பலகையில் எழுதிய ஒவ்வொரு ஜோடிக்கும் சரியான விடை சத்தமாக வந்தது. 12.50, 12.75. பிறகு 3.4, 3.9. பிறகு 6.2, 6.58. எதிலும் தடுமாற்றம் இல்லை. பணப் பகுதி மட்டும் 10 நிமிடத்துக்குப் பதில் 17 நிமிடம் இழுத்தது. பேச்சு விலைவாசிக்குப் போய்விட்டது, நானும் தடுக்கவில்லை.

மணி அடிக்க ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது மூன்றாம் பெஞ்சுப் பெண் ஒருத்தி நோட்டோடு எழுந்து வந்தாள். தானாகவே ஒரு கணக்குப் போட்டிருந்தாள். "டீச்சர், 0.35 தானே பெரிசு? இது 35 பைசா, இது 8 பைசா." எதிரே 0.8 என்று எழுதியிருந்தது.

அவளுக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருந்த இருவர் "ஆமா" என்று தலையாட்டியதைப் பார்த்ததும் தொகுத்துச் சொல்வதை விட்டுவிட்டு எல்லோரையும் ஒரு துண்டுத்தாள் எடுக்கச் சொன்னேன். 0.8, 0.35 இரண்டில் எது பெரியது, ஏன் என்று ஒரு வரி. பெயர் வேண்டாம், பக்கத்தில் பார்க்க வேண்டாம். மணி அடிக்கும்போது 34 சீட்டு கையில் இருந்தது. அதில் 19 பேர் 0.35 என்று எழுதியிருந்தார்கள்.

முதலில் எழுதிய குறிப்பு

அன்று மாலை பாடக்குறிப்பேட்டின் அடியில் வழக்கமாக விடும் இரண்டு வரியில் இப்படி எழுதினேன்: "மாணவர்கள் ஆர்வமுடன் பங்கேற்றனர். மெல்லக் கற்போருக்குக் கூடுதல் பயிற்சி தேவை."

எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. வகுப்பில் பாதிக்கு மேல் தவறு செய்திருக்கிறார்கள், அவர்களை மெல்லக் கற்போர் என்று எப்படிச் சொல்வது? அதோடு இந்த வரியை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை என்ன செய்ய முடியும்? பாடத்தில் எந்த நிமிடத்தைத் தொட வேண்டும் என்று அதில் எதுவுமே இல்லை. பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். மூன்று வருடமும் அதே பாடத்தின் கீழ் கிட்டத்தட்ட அதே வரிதான்.

சரி என்று ஒரு தனித்தாளில் மூன்று பத்தி போட்டேன். முதல் பத்தியில் நான் திட்டமிட்டது, நிமிடத்தோடு. நடுவில் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். பிள்ளைகள் சொன்னது அவர்கள் வார்த்தையிலேயே. கடைசிப் பத்தியில் அது ஏன் நடந்திருக்கும் என்ற என் ஊகம். நடுப்பத்தியில் "புரியவில்லை", "கவனமில்லை" போன்ற சொற்கள் வரக்கூடாது என்று எனக்கே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். அவையெல்லாம் பார்த்தவை அல்ல, என் தீர்ப்புகள்.

நடுப்பத்தியை நிரப்பும்போதே இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, நான் கரும்பலகையில் எழுதிய ஜோடிகள். 12.50, 12.75 இரண்டிலும் புள்ளிக்குப் பின் ஒரே நீளம். 3.4, 3.9 அதுவும் அப்படியே. நீளம் மாறிய ஒரே ஜோடி 6.2, 6.58, அதில் நீளமான எண்ணே பெரியது. ஆக, "புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படி, பெரிய எண் பெரியது" என்று நினைக்கும் பிள்ளைக்கும் எல்லா விடையும் சரியாகவே வரும். வகுப்பு நன்றாகப் போனதாக எனக்குத் தோன்றியதற்கு என் எண்களே காரணம்.

இரண்டாவது, திருத்த எடுத்து வந்த நோட்டுகளில் இருந்தது. எண்ணை எழுத்தால் எழுதச் சொன்ன இடத்தில் பெரும்பாலோர் "பூஜ்ஜியம் புள்ளி முப்பத்தைந்து" என்று எழுதியிருந்தார்கள். அது அவர்கள் கண்டுபிடித்ததல்ல. பணத்தைப் பேசும்போது "பன்னிரண்டு புள்ளி ஐம்பது" என்று நான் சொன்ன பழக்கம்தான். வாயால் முப்பத்தைந்து என்று சொல்லிவிட்டு அது எட்டை விடச் சிறியது என்று நம்பச் சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

34 சீட்டுகளைப் பிரித்தது

மறுநாள் ஆசிரியர் அறையில் பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியரிடம் சீட்டுகளைக் காட்டினேன். பணியில் என்னை விட மூத்தவர். நான் வெள்ளிக்கிழமைக்குக் குழுச் செயல்பாடு, புது சார்ட், இன்னும் 10 கணக்கு என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "டீச்சர், 19 பேரும் ஒரே காரணத்துக்காகவா தப்பு பண்ணியிருக்காங்க? சரியா எழுதின 15 பேரும் ஒரே காரணத்துக்காகவா சரி?"

மேசைமேல் பரப்பிப் பிரித்தோம். தவறான 19 சீட்டில் 13 பேர் "35 பெரியது, 8 சிறியது" என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். நான்கு பேர் பைசா கணக்கு. இரண்டில் காரணமே இல்லை.

அதிர்ச்சி சரியான சீட்டுகளில்தான் இருந்தது. 15 பேரில் ஒன்பது பேர் பூஜ்ஜியம் சேர்த்து 80, 35 என்று ஒப்பிட்டிருந்தார்கள். இரண்டு பேர் காரணம் எழுதவில்லை. மற்ற நான்கு பேர் எழுதியது இது: "0.35இல் நூறில் ஒன்று வருகிறது, அது சின்னது, அதனால் 0.8 பெரியது." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவர்களிடம் 0.4, 0.45 கொடுத்தால் அதே காரணத்தைச் சொல்லி 0.4 பெரியது என்பார்கள். விடை சரி, காரணம் தவறு. என் ஒற்றைக் கேள்வி அவர்களைப் பிடிக்கவே இல்லை.

இந்த இரண்டு போக்குகளும் எங்கள் பள்ளிக்கு மட்டும் உரியவை அல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் உடன் பணியாற்றியவர்களும் நீளமானதே பெரியது, குட்டையானதே பெரியது என்ற இந்த இரண்டு சிந்தனைகளையும் பிரித்துக் காட்டும் ஒப்பீட்டுத் தாளே தயாரித்திருக்கிறார்கள். எங்களுக்கு அன்று அது தெரியாது. சீட்டுகள் தாமாகவே இரண்டு குவியலாகப் பிரிந்தன, அவ்வளவுதான்.

எதை மாற்றுவது, எதை விடுவது

எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது என்பது மூத்த ஆசிரியரின் கருத்து. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வகுப்பறை ஆய்வகம் அல்ல, ஆ பிரிவுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தே குறைப் பாடம் நடத்தவும் முடியாது. ஆனாலும் நேரமும் இல்லை, பொருளும் இல்லை. குறிப்பின் நடுப்பத்தியில் ஆதாரம் உள்ளதை மட்டும் மாற்றுவது என்று முடிவானது. குழுச் செயல்பாட்டுக்கும் புது சார்ட்டுக்கும் அங்கே ஒரு வரி ஆதாரமும் இல்லை. அவை என் பதற்றத்தில் வந்தவை.

முதல் மாற்றம், எண்கள். கரும்பலகை ஜோடிகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒவ்வொரு ஜோடியின் பக்கத்திலும் "முழு எண்ணாகப் படிக்கிறவர் என்ன சொல்வார், நூறில் ஒன்று சின்னது என்பவர் என்ன சொல்வார்" என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு பேரும் சரியான விடையே சொல்லும் ஜோடி வேலைக்கு ஆகாது. 0.8, 0.35 முதல் வகையைப் பிடிக்கும். 0.4, 0.45 இரண்டாம் வகையைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து இருந்தாக வேண்டும். கடைசியில் 0.7, 0.70.

இரண்டாவது, வாசிப்பு. "பூஜ்ஜியம் புள்ளி மூன்று ஐந்து." நான் முப்பத்தைந்து என்று சொன்னால் யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கலாம் என்று வகுப்பிலேயே சொல்லிவிடுவது.

மூன்றாவதுதான் அதிகம் யோசிக்க வைத்தது: பணம். பணம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருள், அதிலிருந்து தொடங்குவது நல்லது என்றே நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆனால் பைசா இவர்களுக்குத் தெரியுமா? 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயின. இந்தப் பிள்ளைகள் எட்டு பைசாவுக்கு எதுவும் வாங்கியதில்லை. அவர்களுக்குப் பைசா என்பது பெட்ரோல் பங்க் பலகையில் புள்ளிக்குப் பின்னால் தெரியும் இன்னொரு எண், அவ்வளவே. அந்தப் பலகையிலும் எப்போதும் இரண்டு இலக்கம்தான். நீளம் வேறுபடும் எண்களைப் பணம் காட்டவே காட்டாது. போதாததற்குப் புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு முழு எண், அந்தப் பக்கம் இன்னொரு முழு எண் என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்துகிறது.

ஆகவே பணத்தைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவிட்டு, தொடக்கத்தில் தாள் பட்டை. ஒரு மீட்டர் நீளப் பட்டை "ஒன்று". 10 செ.மீ. துண்டு பத்தில் ஒன்று. 1 செ.மீ. துண்டு நூறில் ஒன்று. மூன்று பெரிய துண்டும் ஐந்து சின்னத் துண்டும் வரிசையாக வைத்தால் 0.35. அதன் கீழே எட்டு பெரிய துண்டு வைத்தால் 0.8. எது நீளம் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்காது. செ.மீ. என்ற சொல்லை வகுப்பில் உச்சரிக்கக் கூடாது என்றும் குறித்துக்கொண்டேன். உச்சரித்தால் 35 செ.மீ., 80 செ.மீ. என்று மறுபடி முழு எண்ணுக்கே ஓடிவிடுவார்கள்.

பூஜ்ஜியம் சேர்க்கும் விதியை எடுத்துவிடலாமா என்றும் பேசினோம். ஒன்பது பேர் அதை வைத்துத்தான் சரியாகப் போட்டிருந்தார்கள், தேர்வுக்கும் உதவும். ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் 0.8உம் 0.80உம் ஏன் ஒன்று என்று தெரியுமா என்பது சந்தேகம். விதியை விடவில்லை. பட்டைக்குப் பின்னால் வைத்தேன்: ஒரு பெரிய துண்டைக் கொடுத்து பத்து சின்னத் துண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருமுறை மாற்றிக் காட்டிய பிறகு.

வெள்ளிக்கிழமை

மூத்த ஆசிரியருக்கு அந்தப் பாடவேளை ஓய்வு. பின்வரிசையில் உட்கார்ந்து நிமிடக் கணக்கும், நான் எண்ணைத் தவறாக வாசிக்கும் இடங்களும் மட்டும் குறிப்பதாகச் சொன்னார்.

பட்டை 15 நிமிடத்தில் முடியவில்லை. 23 நிமிடம் ஆனது. துண்டுகளைப் பிள்ளைகளே வெட்டட்டும் என்று நினைத்தது என் தவறு. கோணலாக வெட்டிய பத்துத் துண்டைச் சேர்த்து வைத்தால் முழுப் பட்டையை விட இரண்டு விரல் குறைந்தது. அதை விட மோசம், 1 செ.மீ. துண்டுகள் மின்விசிறிக் காற்றில் பறந்தன. விசிறியை நிறுத்தினால் புழுக்கம். ஒரு குழு சின்னத் துண்டுகள்மீது அளவுகோலை வைத்து அழுத்திக்கொண்டே கணக்குப் போட்டது.

ஆனால் 0.8க்கும் 0.35க்கும் முன்கூட்டியே விடை சொல்லச் சொன்னபோது பாதி வகுப்பு 0.35 என்றது, துண்டுகளை அடுக்கியதும் அப்படியே அமைதியானது. ஒரு பையன் மட்டும் எழுந்து நின்று துண்டுகளையும் கரும்பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப இந்த மூணுதான் முக்கியம், அஞ்சு சும்மா கொசுறு" என்றான். அவன் சொன்ன கொசுறு அன்று முழுவதும் வகுப்பில் ஓடியது. நானும் அதையே எடுத்துக்கொண்டேன். 0.4, 0.45 வந்தபோது "கொசுறு இருக்கிறதுதான் பெரிசு" என்று அவர்களே சொன்னார்கள்.

ஒரு பையனிடமிருந்து நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்றும் வந்தது. "டீச்சர், 4.3 ஓவர்னா நாலரை ஓவர். அப்ப 0.3தானே பாதி?" கிரிக்கெட்டில் ஓவருக்கு ஆறு பந்து, 4.3 என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். அவன் சொன்னது முற்றிலும் சரி, ஆனால் அது தசமப் புள்ளியே அல்ல. என்னிடம் தயார் பதில் இல்லை. "நாளைக்குப் பேசுவோம்" என்று கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்தேன்.

பணப் பகுதிக்கு நேரமே கிடைக்கவில்லை. எண்ணைத் தவறாக வாசித்தது நான்கு முறை என்று பின்வரிசைக் குறிப்பு சொன்னது. பிள்ளைகள் பிடித்தது இரண்டு முறை.

கடைசிச் சீட்டில் மூன்று ஜோடி. 31 பேரில் 0.8, 0.35ஐ 26 பேரும், 0.4, 0.45ஐ 24 பேரும் சரியாக எழுதினார்கள். 0.7, 0.70 சமம் என்றவர்கள் 17 பேர்தான். துண்டு மாற்றுவதை அவசரத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் நானே செய்துகாட்டினேன். அதன் பலன் இது.

இதை அ பிரிவோடு நேராக ஒப்பிட முடியாது. பிள்ளைகள் வேறு, கேள்வி வேறு, எனக்கு அது இரண்டாம் முறை. காரண வரிகளில் "35 > 8" என்று எழுதியவர்கள் மூன்று பேராகக் குறைந்தார்கள் என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

அ பிரிவுக்குத் திரும்பப் போனது

திருத்திய பாடம் ஆ பிரிவுக்குப் போய்விட்டது. அ பிரிவுப் பிள்ளைகள் என் பழைய பாடத்தோடு நிற்கிறார்கள். திங்கட்கிழமை அவர்களுக்கு 20 நிமிடம் ஒதுக்கினேன். இந்த முறை துண்டுகளை நானே வீட்டில் வெட்டி, கரும்பலகையில் ஒட்டிக் காட்டினேன். முதல் நாள் கேள்வி கேட்ட பெண்ணையே ஒட்டச் சொன்னேன். எட்டாவது துண்டை ஒட்டும்போது சிரித்துவிட்டு, "பைசான்னு நினைச்சதுதான் தப்பு" என்றாள்.

மூன்று வாரம் கழித்து

எண்களை மாற்றி, முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டு பிரிவுக்கும் ஒரு சீட்டு. முதல் இரண்டு வகை ஜோடியையும் சரியாக எழுதியவர்கள் அ பிரிவில் வந்திருந்த 32 பேரில் 18, ஆ பிரிவில் 29 பேரில் 21. ஆ பிரிவில் நன்றாக எழுதியிருந்த இரண்டு பேர் பழையபடி முழு எண்ணுக்குத் திரும்பியிருந்தார்கள்.

இந்த முறை புதிதாக ஒரு ஜோடி சேர்த்திருந்தேன்: 2.06, 2.4. ஆ பிரிவிலேயே 13 பேர் 2.06 என்றார்கள். என் துண்டு வேலையில் எல்லா எண்ணிலும் பெரிய துண்டு குறைந்தது ஒன்றாவது இருந்தது. பெரிய துண்டே இல்லாமல் வெறும் கொசுறு மட்டும் உள்ள எண்ணை அவர்கள் ஒருமுறைகூடக் கையால் அடுக்கியதில்லை. பூஜ்ஜியம் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதை அந்தத் துண்டுகள் காட்டவேயில்லை.

அடுத்த ஆண்டுப் பாடக்குறிப்பில் உள்ளவை

குறிப்பை அந்த வாரமே திருத்தி எழுதினேன். அடுத்த ஜூலையில் எழுதலாம் என்று விட்டால் பறந்த துண்டுகள் நினைவிருக்கும், எண்கள் நினைவிருக்காது. பாடம் இப்போது இரண்டு பாடவேளை. முதல் நாள் துண்டுகளும் ஒப்பீடும் மட்டும், 0.06ஐ அடுக்குவது அதில் கட்டாயம். துண்டுகள் முன்பே அட்டையில் வெட்டி உறையில் போட்டது. சின்னத் துண்டு தனியாக இல்லாமல், பத்துக் கோடு போட்ட பெரிய துண்டில் தேவையானதை மடித்துக் காட்டுவது. துண்டை மாற்றுவதும் 0.7, 0.70உம் இரண்டாம் நாள். மாற்றுவது பிள்ளைகள் கையால். பணமும் அன்றுதான். அது தாமதமாக வந்தால் குழப்பம் குறையுமா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

பக்க ஓரத்தில் "பிள்ளைகள் இப்படிச் சொன்னால்" என்று ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. ஓவர் கேள்விக்கு எதிரே: "0.5 ஓவர் எத்தனை பந்து? 0.6 ஓவர் என்று யாராவது ஸ்கோரில் எழுதுவார்களா?" ஐந்து பந்து முடிந்து ஆறாவது போட்டதும் ஸ்கோர் 1.0 ஆகிவிடும், 0.6 ஆகாது. மறுநாள் அந்தப் பையனிடம் இதைக் கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அது புள்ளியே இல்ல டீச்சர், சும்மா பிரிக்கிற கோடு" என்றான். அவன் வார்த்தையையே பக்க ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.